அலாஸ்கா மீன், சீன முத்திரை: பாக்கெட்டின் பின்பக்கத்தை எப்படிப் படிப்பது?

ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கடையில் வாங்கிய ஃப்ரோசன் மீன் பாக்கெட்டின் முன்பக்கத்தில் 'அலாஸ்கா ஸேலாக்ஸ்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் 'வடமேற்குப் பசிபிக், எஃப்ஏஓ 61, இழுவலை' என்று இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு நீள்வட்ட முத்திரை. அதற்குள் சீனாவின் 'சி.என்.' எழுத்துகளும் ஒரு எண்ணும். அமெரிக்க மீன் என்கிறார் கணவர், சீன மீன் என்கிறான் மகன். யார் சொல்வது சரி?

இரண்டுமே சரியில்லை என்பதுதான் என் ஊகம். அது ரஷ்யப் படகு பிடித்த மீனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் அப்படி உறுதியாகச் சொல்லும் ஒரு சொல்கூட அந்தப் பாக்கெட்டில் இல்லை. எல்லா விவரமும் எழுதியிருப்பதுபோலத் தெரியும் லேபிளில் நாம் தேடும் விவரம் மட்டும் எப்படி விடுபட்டது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் பெயர். 'அலாஸ்கா' என்பது இங்கே ஊர்ப்பெயர் அல்ல, மீனின் வணிகப் பெயரில் ஒரு பகுதி. அறிவியல் பெயர் காடஸ் கால்கோகிராமஸ். சந்தையில் அலாஸ்கா பொல்லாக். வெள்ளைச் சதை, மென்மையான வாசனை, மலிவான விலை. ஐரோப்பாவில் பிள்ளைகள் சாப்பிடும் ஃபிஷ் ஃபிங்கரில் பெரும்பாலும் இருப்பது இதுதான். வடபசிபிக்கின் இரு கரைகளிலும் வாழ்கிறது. ரஷ்யாவின் அகோட்ஸ்க் கடலில் பிடித்தாலும் ஜெர்மன் லேபிளில் அதன் பெயர் அலாஸ்கா ஸேலாக்ஸ்தான். சட்டம் அங்கீகரித்த வணிகப் பெயர் என்பதால் அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. முன்பக்கத்தில் உள்ள பெயரை வைத்து நாட்டை முடிவுசெய்யாதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்து அந்த 61. எஃப்ஏஓ என்பது ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு. மீன்பிடிப் புள்ளிவிவரம் சேர்ப்பதற்காக அது உலகக் கடல்களைப் பெரும் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஈரிலக்க எண் கொடுத்திருக்கிறது. எண்களைக் கண்டபடி வைக்கவில்லை. 2, 3, 4 என்று தொடங்கினால் அட்லாண்டிக். 5 என்றால் இந்தியப் பெருங்கடல். 6, 7, 8 என்றால் பசிபிக். அட்லாண்டிக்கிலும் பசிபிக்கிலும் இந்த முதல் இலக்கம் வடக்கு, நடு, தெற்கு என்ற வரிசையில் இறங்குகிறது. இரண்டாவது இலக்கம் 1 என்றால் அந்தக் கடலின் மேற்குப் பக்கம், 7 என்றால் கிழக்குப் பக்கம். ஆக 61 வடமேற்குப் பசிபிக், 67 வடகிழக்குப் பசிபிக், 71 நடுப்பசிபிக்கின் மேற்குப் பாதி, 27 வடகிழக்கு அட்லாண்டிக். நமக்குப் பக்கத்தில் அரபிக்கடல் பக்கம் 51, வங்கக்கடல் பக்கம் 57. கொச்சியில் இறங்கும் மீனுக்கு 51, நாகப்பட்டினத்தில் இறங்கும் மீனுக்கு 57 என்று பொதுவாகச் சொல்லலாம். விதிவிலக்குகளும் உண்டு: மத்தியதரைக் கடலும் கருங்கடலும் 37, நடு அட்லாண்டிக்கின் கிழக்குப் பாதி 34, அண்டார்டிக் பகுதிகள் 48, 58, 88. இந்த ஒழுங்கு மனதில் பதிந்துவிட்டால் கடையில் நின்று கைப்பேசியில் தேட வேண்டியதில்லை.

இந்த எண் கடலைச் சொல்லுகிறதே தவிர நாட்டைச் சொல்வதில்லை. 61-க்குள் ரஷ்யா, ஜப்பான், இரு கொரியாக்கள், சீனா என்று பல நாடுகளின் கடல்பகுதிகளும், எவருக்கும் சொந்தமில்லாத நடுக்கடலும் அடங்கும். அமெரிக்கக் கடல்கூட உண்டு. 61-க்கும் 67-க்கும் இடையே எஃப்ஏஓ போட்ட கோடு மேற்கு 175 டிகிரியில் வடக்கு தெற்காக நேராக ஓடுகிறது. பெரிங் கடலில் ரஷ்யாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான எல்லையோ வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சாய்ந்து செல்கிறது. நேர்கோடும் சாய்கோடும் ஒன்றையொன்று வெட்டுவதால், அலூஷன் தீவுகளின் மேற்குக் கோடி போன்ற அமெரிக்கக் கடல்பகுதி 61-க்குள் விழுகிறது. சுகோத்கா கரையோரம் கொஞ்சம் ரஷ்யக் கடல் 67-க்குள் விழுகிறது. பொல்லாக்கில் 61 என்றால் பெரும்பாலும் ரஷ்ய மீன், 67 என்றால் பெரும்பாலும் அமெரிக்க மீன் என்று ஊகிக்கலாம். ஆனால் எண்ணை மட்டும் வைத்து அடித்துச் சொல்லக் கூடாது. அஞ்சல் குறியீட்டு எண்ணைப் பார்த்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல முடியாதல்லவா?

அப்படியானால் மீன் எந்த நாட்டுடையது என்பதை எது தீர்மானிக்கிறது? கடலில் பிடித்த மீனுக்குப் பொதுவான விடை, அதைப் பிடித்த படகின் கொடி. ஒவ்வொரு கப்பலும் ஏதோ ஒரு நாட்டில் பதிவாகி, அந்த நாட்டின் கொடியைப் பறக்கவிட வேண்டும். அந்த நாட்டைத்தான் கொடி நாடு என்கிறோம். அந்தப் படகு எங்கே போய் மீன் பிடித்தாலும் அதற்கு உரிமம் தருவதும், கண்காணிப்பதும், தப்பு செய்தால் தண்டிப்பதும் கொடி நாட்டின் பொறுப்பு. ஐ.நா. கடல்சட்ட ஒப்பந்தம் அப்படித்தான் சொல்கிறது. கரையோர நாட்டுக்கும் தன் 200 கடல்மைலுக்குள் இருக்கும் மீன்மேல் உரிமை உண்டு. ஆனால் அது காசு வாங்கிக்கொண்டு வெளிநாட்டுப் படகுகளை உள்ளே விடலாம். ஸ்பெயின் கொடி பறக்கும் சுருக்குமடிக் கப்பல் ஒன்று சீஷெல்ஸ் கடலில் உரிமம் வாங்கிச் சூரை பிடித்தால், சுங்கக் கணக்கில் அது பொதுவாக ஸ்பெயின் மீன்; எஃப்ஏஓ எண் 51. அதைச் சீஷெல்ஸிலேயே இறக்கி டின்னில் அடைத்தால், டின்னின் மேல் 'சீஷெல்ஸ் தயாரிப்பு' என்று வரும். ஒரே மீனுக்கு இப்படி மூன்று விடைகள் இருக்கலாம். கேள்வி ஒவ்வொன்றும் வேறு என்பதால் மூன்றும் உண்மைதான்.

டோர்ட்முண்ட் பாக்கெட்டுக்கு வருவோம். அதில் இருப்பது நான் ஊகிக்கும் மீன்தான் என்றால், அது வந்த வழி இப்படி இருந்திருக்கும். குளிர்காலத்தில், மீன் சினை பிடித்திருக்கும் பருவத்தில், ரஷ்யக் கொடிக் கப்பல் ஒன்று அகோட்ஸ்க் கடலில் இழுவலை போடுகிறது. பிடித்த மீனின் தலையையும் குடலையும் கப்பலிலேயே நீக்கி, கட்டிகளாக உறையவைக்கிறார்கள். கட்டிகள் நேராகவோ, தென்கொரியாவின் பூசான் குளிர்கிடங்கு வழியாகவோ சீனாவின் தாலியான் அல்லது சிங்தாவ் துறைமுகத்துக்குப் போகின்றன. அங்கே தொழிற்சாலையில் கட்டியை உருகவைத்து, தோல் உரித்து, முள் எடுத்து, துண்டு போட்டு, மறுபடி உறையவைத்து பாக்கெட்டில் அடைக்கிறார்கள். முள் எடுப்பது பெரும்பாலும் கைவேலை. அந்த வேலைக்காகத்தான் மீன் இவ்வளவு தூரம் சுற்றுகிறது. பிறகு கன்டெய்னரில் ஹாம்பர்க்குக்கோ ரோட்டர்டாமுக்கோ வந்து சேர்கிறது.

இந்தப் பயணத்தில் சீனா மீனைப் பிடிக்கவில்லை, வெட்டிக் கொடுத்தது. முத்திரையில் உள்ள சி.என். எழுத்துகளும் அந்த எண்ணும் சொல்வதும் அதுதான்: சுகாதார விதிப்படி அங்கீகாரம் பெற்ற எந்தத் தொழிற்சாலையில் இந்தப் பொருள் தயாரானது அல்லது பொதி கட்டப்பட்டது என்பதை மட்டும். அதே துண்டுகளை மொத்தப் பெட்டியில் கொண்டுவந்து, பிரேமர்ஹாஃபனில் உள்ள தொழிற்சாலையில் சிறு பாக்கெட்டுகளில் அடைத்திருந்தால் முத்திரையில் ஜெர்மனியின் 'டி.ஈ.' வந்திருக்கும், சீனா என்ற சுவடே லேபிளில் மறைந்துபோயிருக்கும். உங்கள் மகன் சீன மீன் என்று சொல்வதற்கும், இன்னொருவர் ஜெர்மன் மீன் என்று நம்புவதற்கும் காரணம் ஒன்றுதான். இருவரும் தொழிற்சாலை முத்திரையைப் பிறப்புச் சான்றிதழாக எடுத்துக்கொள்கிறார்கள்.

சரி, கொடி ஏன் லேபிளில் இல்லை? ஐரோப்பிய ஒன்றியத்தில் மீன் லேபிளை ஆள்வது 2013-ஆம் ஆண்டின் 1379 எண் கொண்ட ஒழுங்குமுறை. புதிய, உறைந்த, உலர்ந்த, உப்பிட்ட, புகையூட்டிய மீனுக்கு வணிகப் பெயர், அறிவியல் பெயர், கடலில் பிடித்ததா வளர்த்ததா, பிடித்த பகுதி, பிடித்த கருவியின் வகை ஆகியவற்றைக் கட்டாயம் போட வேண்டும். வடகிழக்கு அட்லாண்டிக், மத்தியதரை மீன்களுக்கு உட்பகுதியின் பெயர்வரை சொல்ல வேண்டும். மற்றக் கடல்களுக்கு எஃப்ஏஓ பெரும்பகுதியின் பெயர் போதும். அகோட்ஸ்க் கடல் என்று குறிப்பாகச் சொல்லாமல் வடமேற்குப் பசிபிக் என்று முடித்துக்கொள்ள முடிவது இதனால்தான். படகின் கொடி நாடோ, அதே சட்டத்தில் விருப்பமிருந்தால் சொல்லலாம் என்ற பட்டியலில் இருக்கிறது. விருப்பப் பட்டியலில் உள்ளதை, அது விற்பனைக்கு உதவும்போதுதான் வியாபாரி எழுதுவார். நார்வே, ஐஸ்லாந்து என்றால் கொடியைப் படமே போட்டுக் காட்டுவார்கள். கொடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையென்றால் அதையும் ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

இதில் எரிச்சலூட்டும் விஷயம், அந்த விவரம் இல்லாமல் இல்லை. 2010 முதல் நடைமுறையில் உள்ள சட்டவிரோத மீன்பிடித் தடுப்பு ஒழுங்குமுறைப்படி, கடல்மீன் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வர 'பிடிப்புச் சான்றிதழ்' வேண்டும். அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டியது கொடி நாட்டின் அதிகாரி. நம் மீன் ரஷ்யக் கப்பலில் பிடித்தது என்றால் அந்தச் சான்றிதழ் ரஷ்யாவிலிருந்து வந்திருக்க வேண்டும். அத்துடன், எந்தச் சான்றிதழின் கீழ் வந்த எத்தனை கிலோ மீனிலிருந்து எத்தனை கிலோ துண்டு தயாரானது என்று சீனத் தொழிற்சாலை ஒரு பதப்படுத்தல் அறிக்கை தர வேண்டும். அதைச் சீன அதிகாரிகள் ஒப்ப வேண்டும். எனவே இறக்குமதியாளரின் கோப்பில் கப்பலின் பெயர் உட்பட எல்லாம் இருக்கிறது. துறைமுக அதிகாரி அதைப் பார்க்கலாம். காசு கொடுத்து வாங்கும் நீங்கள்தான் பார்க்க முடியாது.

கொடி நாட்டுக்கு எவ்வளவு கனம் என்பதற்கு நம்மவர் பலருக்கும் நினைவிருக்கும் உதாரணம் இலங்கை. 2014 அக்டோபரில் ஐரோப்பிய ஆணையம் இலங்கைக்கு 'சிவப்பு அட்டை' காட்டியது, 2015 ஜனவரியில் தடை நடைமுறைக்கு வந்தது, 2016-இல்தான் நீங்கியது. அந்தத் தடை இலங்கைக் கொடியுள்ள படகுகள் பிடித்த மீன்மேல் விழுந்தது. இலங்கைத் தொழிற்சாலைகள் சுத்தமில்லை என்பதல்ல குற்றச்சாட்டு. நடுக்கடலில் மீன் பிடிக்கும் தன் படகுகளை அந்த நாடு சரியாகக் கண்காணிக்கவில்லை என்பதுதான். படகைக் கேள்வி கேட்க ஒரு சட்டம், தொழிற்சாலையைக் கேள்வி கேட்க வேறொரு சட்டம்.

இதே இடைவெளியை அமெரிக்கா அடைத்த விதமும் தெரிந்துகொள்ளத் தக்கது. 2022 மார்ச்சில் ரஷ்யக் கடலுணவு இறக்குமதியை அமெரிக்கா தடைசெய்தது. ஆனால் ரஷ்ய மீன் சீனாவில் துண்டாகி, பொருளின் தன்மை மாறிவிட்டது என்ற சுங்க விதியின்படி 'சீனத் தயாரிப்பு' ஆகி அமெரிக்கக் கடைகளுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. 2023 டிசம்பரில் போட்ட ஆணை அந்த வழியை மூடியது. சால்மன், காட், பொல்லாக், நண்டு ஆகியவை ரஷ்யக் கடலிலோ ரஷ்யக் கொடிக் கப்பலாலோ பிடிக்கப்பட்டவை என்றால், வேறு நாட்டில் எப்படிப் பதப்படுத்தியிருந்தாலும் உள்ளே வரக் கூடாது. அதாவது தொழிற்சாலையை விட்டுவிட்டுப் பிடித்த கடலையும் படகையும் பார்க்கிறது அந்த ஆணை.

'தயாரிப்பு நாடு' என்ற வரி இப்படி இழுபடுவது அமெரிக்காவில் மட்டும் இல்லை. உணவின் தன்மையை மாற்றும் பதப்படுத்தல் இரண்டாவது நாட்டில் நடந்தால், லேபிளில் அந்த இரண்டாவது நாட்டையே பிறப்பிட நாடாகக் கொள்ள வேண்டும் என்று சர்வதேச உணவுத் தரநிலையான கோடெக்ஸ் சொல்கிறது. இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இறக்குமதி உணவுக்கு வைத்திருக்கும் லேபிள் விதியும் அப்படியே சொல்கிறது. ஆகவே சென்னைக் கடையில் 'தாய்லாந்து' என்று போட்ட டியூனா டின்னை எடுத்தால், மீனை வேகவைத்து டின்னில் அடைத்த நாடு தாய்லாந்து என்றுதான் படிக்க வேண்டும். தாய்லாந்து உலகிலேயே அதிகமாக டின் டியூனா ஏற்றுமதி செய்யும் நாடு. மீனில் பெரும்பகுதியை உறைந்த நிலையில் இறக்குமதி செய்கிறது. தைவான், கொரியா, பசிபிக் தீவு நாடுகள் என்று பல கொடிகளின் கப்பல்கள் 71-ஆம் பகுதியில் பிடித்த வரிச்சூரை அதில் கணிசம்.

டின்களைப் பற்றி இன்னொன்று. ஐரோப்பாவில் மேலே சொன்ன கட்டாய விவரங்கள் டின் மீனுக்கும், ரொட்டித்தூள் பூசிய ஃபிஷ் ஃபிங்கருக்கும் பொருந்தாது. அவற்றில் எஃப்ஏஓ எண் இருந்தால் நிறுவனம் தானாக விரும்பிப் போட்டது. அதனால் ஒரே கடையில் அடுத்தடுத்து உள்ள இரண்டு டின்களில் ஒன்றில் எண் இருக்கும், மற்றதில் இருக்காது. எண் போட்ட டின்னை எடுங்கள் என்பேன். அது நல்ல மீன் என்று நிரூபணம் ஆகிவிடாது, ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தயாராக உள்ள நிறுவனம் என்று எதிர்பார்க்கலாம். வளர்ப்பு இறாலுக்கும் பங்காசியஸ் மீனுக்கும் இந்தக் குழப்பமே இல்லை. அவற்றுக்கு வளர்த்த நாட்டின் பெயரையே சொல்ல வேண்டும். 'வளர்ப்பு' என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் எஃப்ஏஓ கடல் எண்ணை மட்டும் போட்டிருந்தால் அந்த லேபிளில் ஏதோ தவறு இருக்கிறது.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது பாக்கெட்டை இப்படிப் படியுங்கள். பிடித்த பகுதியின் எண்ணைத் தேடுங்கள். சில பாக்கெட்டுகளில் 'காலாவதித் தேதிக்கு அருகே பார்க்கவும்' என்று இருக்கும். அங்கே மையில் அச்சிட்ட எண்ணோ எழுத்தோதான் அந்தப் பாக்கெட்டுக்கு உரியது, அட்டையில் முன்பே அச்சான பட்டியல் அல்ல. ஒரே பெயருள்ள பாக்கெட்டில் போன மாதம் 67 வந்திருக்கும், இந்த மாதம் 61 வரும். பல பகுதிகளின் மீன் கலந்திருந்தால், எது அதிகமோ அந்தப் பகுதியைச் சொல்லிவிட்டு மற்றப் பகுதிகளிலிருந்தும் வந்தது என்று குறிப்பிட்டால் சட்டத்துக்குப் போதும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்ததாக, முதல்முறை உறையவைத்த தேதி. பதப்படுத்தாத உறைந்த மீனுக்கு ஐரோப்பாவில் இது கட்டாயம். ஒன்றுக்கு மேற்பட்ட முறை உறையவைத்திருந்தால், முதல்முறை உறையவைத்த தேதியைத்தான் போட வேண்டும். அதாவது கப்பலில் உறையவைத்த தேதி. அது நீங்கள் வாங்கும் நாளுக்கு ஒரு வருடத்துக்கு முந்தையது என்றால், மீன் எங்கோ கிடங்கில் காத்திருந்து, பயணப்பட்டு வந்திருக்க வாய்ப்பு உண்டு. கெட்டுப்போனது என்று பொருள் இல்லை. ஆனால் இருமுறை உறைந்த துண்டு சமைக்கும்போது நீர் அதிகம் விடும், சதை கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். குழம்பில் போட்டால் தெரியாது, வறுத்தால் தெரியும். உள்ளடக்கப் பட்டியலில் பாஸ்பேட்டுகள், அதாவது ஈ 450 முதல் ஈ 452 வரையான எண்கள் இருந்தால், நீரைப் பிடித்துவைக்கச் சேர்த்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். கப்பலிலேயே துண்டு போட்டு ஒரே முறை உறையவைத்த பொல்லாக்கும் கிடைக்கிறது. 'கடலில் உறையவைத்தது' என்று பெருமையாக எழுதியிருப்பார்கள், விலையும் கூடுதலாக இருக்கும்.

கொடி உங்களுக்கு முக்கியம் என்றால் நிறுவனத்திடம் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. பாக்கெட்டில் உள்ள நுகர்வோர் மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். தொகுதி எண்ணையும் காலாவதித் தேதியையும் படம் எடுத்து அனுப்புங்கள். அவை இல்லாமல் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். கேள்வியை 'இது எந்த நாட்டு மீன்?' என்று வைக்காதீர்கள். 'இந்தத் தொகுதி மீனைப் பிடித்த கப்பலின் கொடி நாடு எது? துண்டு போட்ட நாடு எது?' என்று இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். முதல் கேள்விக்கு 'எஃப்ஏஓ 61' என்றோ 'வடமேற்குப் பசிபிக்' என்றோ பதில் வந்தால் அது பதில் இல்லை. நீங்கள் ஏற்கெனவே பாக்கெட்டில் படித்ததைத் திருப்பிச் சொல்கிறார்கள். மறுபடி எழுதி, பிடிப்புச் சான்றிதழைச் சரிபார்த்தது எந்த நாடு என்று கேளுங்கள். அதற்கு ஒரே ஒரு நாட்டின் பெயர்தான் விடையாக இருக்க முடியும். நிறுவனத்துக்கு உங்களிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் தெரியாது என்றும் சொல்ல முடியாது, ஏனெனில் அது இல்லாமல் அந்த மீன் துறைமுகத்தைத் தாண்டியிருக்காது.